டே கேரில் ஒரு கடி, இரண்டு வீடுகளுக்கு அறிக்கை: அந்தத் தாளை எப்படிப் படிப்பது?

"இன்னைக்கு விளையாடும்போது பாப்பாவுக்குக் கையில சின்னதா ஒரு கடி. இப்ப நல்லா இருக்கா. சாயங்காலம் வரும்போது ரிப்போர்ட் தர்றோம்."

டே கேரில் இருந்து இப்படி ஒரு மெசேஜ் வந்தால், பெரும்பாலான பெற்றோர் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி: "யார் கடிச்சது?"

அதே நாளில் இன்னொரு பெற்றோருக்கும் ஒரு தகவல் போகிறது. அவர்களுடைய மகன்தான் கடித்தவன். அவர்கள் மனதில் ஓடுவது வேறு: "எங்க பையனை வெளியே அனுப்பிடுவாங்களோ?"

நடந்தது ஒரே சம்பவம். எழுதுபவர் ஒரே பராமரிப்பாளர். அவர் எழுதும் அரைப் பக்கம், எதிரெதிர் பயங்களோடு இருக்கும் இரண்டு வீடுகளுக்குப் போகிறது. அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும், எது இருக்கக் கூடாது, பெற்றோர் அதில் எதைத் தேட வேண்டும்?

இரண்டு வயதுக் குழந்தை ஏன் கடிக்கிறது?

ஒரு வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகள் கடிப்பது டே கேர்களில் சகஜம். "கொடு", "என்னோடது", "தள்ளிப் போ" என்று சொல்ல இந்த வயதில் வார்த்தை போதாது. பசி, தூக்கக் கலக்கம், பல் முளைக்கும் வலி, நெரிசலான இடம் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தால் வார்த்தையின் வேலையைப் பல் செய்துவிடுகிறது. பேச்சு வளர வளர, பெரும்பாலான குழந்தைகளிடம் இது தானாகவே குறைகிறது.

சட்டமும் இந்த வயதைத் தனியாகத்தான் பார்க்கிறது. ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தை செய்யும் எதுவும் குற்றமாகாது என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 20-வது பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 82-வது பிரிவும் அதையேதான் சொன்னது.

ஆகவே இந்த அறிக்கையில் குற்றவாளி என்று யாரும் இல்லை. ஆனால் பொறுப்பு உண்டு. அது அந்த நேரத்தில் அறையில் இருந்த பெரியவர்களுடையது. நல்ல அறிக்கை அதை மறைக்காது.

ஒரு நல்ல அறிக்கை எப்படி இருக்கும்?

இந்தியாவில் எல்லா டே கேர்களும் பின்பற்றும் ஒரே படிவம் என்று ஒன்று இல்லை. சில இடங்களில் அச்சிட்ட தாள், சில இடங்களில் ஆப், சில இடங்களில் நோட்டுப் புத்தகம். வடிவம் எதுவானாலும் உள்ளே இருக்க வேண்டியவை ஒன்றுதான்.

விளக்கத்துக்காக ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். பெங்களூருவில் ஒரு டே கேர். இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளுக்கான அறை. கடிபட்டது 22 மாதப் பெண் குழந்தை. கடித்தது 26 மாதப் பையன். பெண் குழந்தையின் வீட்டுக்குப் போகும் அறிக்கை இப்படி இருக்கலாம்:

"செவ்வாய், காலை 11.20. விளையாட்டு மூலை. அறையில் 9 குழந்தைகள், 2 பராமரிப்பாளர்கள். ஒருவர் டயபர் மாற்றும் மேசையில் இருந்தார். நான் சுமார் ஐந்தடி தூரத்தில் இன்னொரு குழந்தைக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் மகள் கையில் சிவப்பு லாரி பொம்மை இருந்தது. இன்னொரு குழந்தை அதைப் பிடித்து இழுத்தது. உங்கள் மகள் விடவில்லை. அந்தக் குழந்தை அவள் இடது முன்கையில் கடித்தது. இழுத்ததையும் கடித்ததையும் நான் நேரில் பார்த்தேன். அதற்கு முன் நடந்ததைப் பார்க்கவில்லை.

பல் தடம் சுமார் 2.5 செ.மீ. அகலம். தோல் கிழியவில்லை, ரத்தம் இல்லை. சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவினேன். குளிர்ந்த ஈரத்துணியைப் பத்து நிமிடம் வைத்தேன். சுமார் மூன்று நிமிடம் அழுதாள், பிறகு மடியில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டாள். 11.35-க்கு உங்களுக்கு மெசேஜ் அனுப்பினோம். 12.30-க்கு மறுபடி பார்த்தபோது லேசான சிவப்பு மட்டும் இருந்தது."

கீழே எழுதியவரின் கையெழுத்து, மேற்பார்வையாளரின் கையெழுத்து, வாங்கிக்கொண்ட பெற்றோரின் கையெழுத்து. அவ்வளவுதான்.

இதில் மூன்று வரிகள் முக்கியமானவை.

ஒன்று, "அதற்கு முன் நடந்ததைப் பார்க்கவில்லை." லாரியை முதலில் எடுத்தது யார் என்று அவருக்குத் தெரியாது. தெரியாததை ஊகித்து எழுதினால், ஊகம் எந்த வீட்டுக்குச் சாதகமாக இருக்கிறதோ அந்த வீடு அதைப் பிடித்துக்கொள்ளும். பிறகு சிசிடிவி பார்த்து ஏதாவது தெரிந்தால், "கேமராவில் பார்த்தது" என்று தனியாகச் சேர்க்க வேண்டும். நேரில் கண்டதையும் பின்னால் கண்டதையும் கலக்கக் கூடாது.

இரண்டு, பெரியவர்கள் இருவரும் எங்கே இருந்தார்கள் என்ற வரி. எழுதுபவருக்குக் கஷ்டமான வரி இதுதான். தவறவிடப்படுவதும் பெரும்பாலும் இதுதான்.

மூன்று, காயத்தின் அளவும் நேரமும். சாயங்காலம் பெற்றோர் பார்க்கும்போது தடம் பெரிதாகவோ வேறு நிறமாகவோ இருந்தால், ஒப்பிட ஒரு அளவு வேண்டும். அளவுக்கு இன்னொரு பயனும் உண்டு. சின்னக் குழந்தையின் பல் வரிசை குறுகலானது. இரண்டு கோரைப் பற்களின் தடங்களுக்கு இடையே 3 செ.மீ.க்கு மேல் இருந்தால், கடித்தது பெரியவரின் பல்லாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் சந்தேகிப்பார்கள்.

கடித்த குழந்தையின் வீட்டுக்கு என்ன போகும்?

அதே நேரம், அதே இடம், அதே வரிசை. "உங்கள் மகன் ஒரு பொம்மையைப் பிடித்து இழுத்தான். வைத்திருந்த குழந்தை விடவில்லை. அவன் அந்தக் குழந்தையின் முன்கையில் கடித்தான். தோல் கிழியவில்லை." அதன் பிறகு அவனிடம் என்ன சொன்னோம், அவன் எப்படி இருந்தான் என்பது வரும்: "கடிக்கக் கூடாது, வலிக்கும் என்று சொல்லி, பக்கத்தில் உட்கார வைத்தேன். பிறகு வேறொரு வண்டியைக் கொடுத்தேன்."

இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்தால் சம்பவம் ஒன்றாகவே தெரிய வேண்டும். ஒரு வீட்டுக்கு "லேசாகப் பட்டது" என்றும், இன்னொரு வீட்டுக்கு "பலமாகக் கடித்தான்" என்றும் எழுதினால், அபார்ட்மென்ட் லிஃப்டில் இரண்டு அம்மாக்கள் பேசிக்கொள்ளும் அன்று டே கேர் மீதான நம்பிக்கை போய்விடும்.

"முரட்டுப் பையன்", "வேணும்னே செய்தான்", "எப்பவும் இப்படித்தான்" போன்ற சொற்களுக்கு இரண்டு தாளிலும் இடமில்லை. அவை பார்த்த விஷயங்கள் இல்லை, எழுதுபவரின் தீர்ப்பு.

வீட்டில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். காலை 11.20-க்குக் கடித்ததற்கு ராத்திரி ஏழு மணிக்குத் திட்டினால், இரண்டு வயதுக் குழந்தையால் இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ள முடியாது. "வலி தெரியட்டும்" என்று திருப்பிக் கடிக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. கடிக்கலாம் என்பதைத்தான் அது சொல்லிக்கொடுக்கிறது.

பெயரை ஏன் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்?

பெற்றோருக்கு அதிகக் கோபம் வருவது இங்கேதான். "என் பொண்ணுக்குத்தானே அடி? யாருன்னு தெரிஞ்சுக்க எனக்கு உரிமை இல்லையா?"

பெயர் தெரிந்தால் காயம் சீக்கிரம் ஆறப்போவதில்லை. ஆனால் அன்று ராத்திரியே பெற்றோரின் வாட்ஸ்அப் குரூப்பில் 26 மாதக் குழந்தைக்கு ஒரு பட்டம் கிடைத்துவிடும். அடுத்த மாதம் அதே பெண் குழந்தை இன்னொருவரைக் கடிக்கலாம். இந்த வயதில் இரண்டு பக்கமும் மாறி மாறி வருவது புதிதில்லை. அப்போது அவளுடைய பெற்றோரும் இதே பாதுகாப்பைத்தான் எதிர்பார்ப்பார்கள்.

18 வயதுக்கு உட்பட்டவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். நோக்கத்தைப் பார்த்தால் பெயருக்கும் போட்டோவுக்கும் சிசிடிவி காட்சிக்கும் ஒரே எச்சரிக்கைதான் தேவை. காட்சியை டே கேரிலேயே மேற்பார்வையாளருடன் உட்கார்ந்து பார்க்கக் கேட்கலாம். மற்ற குழந்தைகளும் இருக்கும் அந்த வீடியோவை ஃபார்வர்டு செய்யச் சொல்வது சரியில்லை.

நடைமுறையில் குழந்தையே பெயரைச் சொல்லிவிடலாம். அதனால் டே கேரின் மௌனம் வீணாகிவிடாது. எழுத்தில் பெயர் இல்லாதவரை, அது ஒரு பதிவாக அந்தக் குழந்தையைத் தொடராது.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

தோல் கிழியாத கடிக்குக் கழுவுவதும் குளிர்ந்த துணியும் பொதுவாகப் போதும்.

தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். முகத்திலோ, விரல், மூட்டுப் பகுதியிலோ கடி ஆழமாக இருந்தாலும் அப்படித்தான். வாயில் உள்ள கிருமிகளால் மனிதக் கடி எளிதில் சீழ் பிடிக்கும். தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் போங்கள். டெட்டனஸ், ஹெபடைட்டிஸ் பி ஊசிகள் போட்டாயிற்றா என்று கேட்பார்கள். ரத்தம் வந்த கடி என்றால் கடித்த குழந்தையின் வாயிலும் ரத்தம் பட்டிருக்கும். அதனால் அந்த வீட்டுக்கும் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இப்படிப்பட்ட காயத்துக்குச் சாயங்காலம் வரை காத்திருக்கக் கூடாது. டே கேர் உடனே போன் செய்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு சிவப்பு பரவினாலோ, வீங்கிச் சூடாக இருந்தாலோ, சீழ் அல்லது காய்ச்சல் வந்தாலோ தாமதிக்க வேண்டாம்.

ஒரு தாளில் தெரியாதது, ஐந்து தாளில் தெரியும்

ஒரு அறிக்கை என்பது டேட்டாவில் ஒரு வரி மட்டுமே. அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

நம் உதாரண டே கேரில் ஆறு வாரங்களில் ஐந்து கடிச் சம்பவங்கள் என்று வைத்துக்கொள்வோம். நேரங்கள்: 11.20, 11.35, 11.15, மாலை 4.50, 11.25. ஐந்தில் நான்கு, மதிய உணவுக்கு முந்தைய அரை மணி நேரத்தில். அந்த நான்கிலும் ஒரு பராமரிப்பாளர் டயபர் மேசையில். மூன்றில் சண்டை ஒரே பொம்மைக்கு.

இப்போது கேள்வி மாறிவிடுகிறது. பசித்த ஒன்பது குழந்தைகள், கவனிக்க ஒருவர், ஒரே ஒரு சிவப்பு லாரி. உணவை இருபது நிமிடம் முன்னால் கொண்டுவரலாம். டயபர் மாற்றும் நேரத்தை நகர்த்தலாம். அதே லாரியில் இன்னொன்று வாங்கலாம். ஒரு குழந்தையை வெளியே அனுப்பியிருந்தால் இவற்றில் எதுவும் மாறியிருக்காது. 11.20-க்கு இன்னொரு குழந்தை கடித்திருக்கும்.

நேரம் மாறி மாறி வந்து, கடிப்பது மட்டும் ஒரே குழந்தையாக இருந்தால், அல்லது மூன்று வயதைத் தாண்டியும் தொடர்ந்தால், அது வேறு விஷயம். பேச்சு வளர்ச்சியையும் காது கேட்பதையும் குழந்தைகள் நல மருத்துவரிடம் பரிசோதிக்கச் சொல்லி, டே கேர் அந்தப் பெற்றோரிடம் மட்டும் தனியாகப் பேச வேண்டும்.

50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்களில் குழந்தைகள் காப்பக வசதி கட்டாயம் என்றது மகப்பேறு பலன் சட்டத்தின் 2017-ம் ஆண்டுத் திருத்தம். அம்மா ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய் வரலாம் என்றும் அது சொன்னது. அலுவலகக் காப்பகமானாலும் தெருமுனை டே கேரானாலும், அறிக்கை கைக்கு வரும்போது கேட்க வேண்டியவை மூன்று: அப்போது அறையில் எத்தனை பெரியவர்கள் இருந்தார்கள்? இந்த நேரத்தில் இதற்கு முன் நடந்திருக்கிறதா? நாளை காலை 11.20-க்கு என்ன மாறும்?