தீபாவளிப் புடவை தாமதமாக வந்தால்

தீபாவளிக்கு வர வேண்டிய புடவை பண்டிகை முடிந்து வந்தால், கடைக்காரர் தன் மன்னிப்பு வீடியோவின் முதல் வரியிலேயே தவறை ஒப்புக்கொள்ள வேண்டும்: “பண்டிகைக்கு முன் தருவதாகச் சொன்னோம், தரவில்லை. மன்னித்துவிடுங்கள்.” “சிரமம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம்” என்பது வாங்கியவரின் ஏமாற்றத்தையே சந்தேகிப்பதாகிவிடும். காரணத்துக்கு ஒரு வரி போதும்: “எங்களால் அனுப்ப முடிந்ததைவிட அதிக ஆர்டர் எடுத்துவிட்டோம்.” கூரியர், மழை என்று நீட்டினால் அது வாதாட்டம். பிறகு பரிகாரம், நாள் குறித்து: “புடவை வேண்டாம் என்பவர்களுக்கு வெள்ளிக்கிழமைக்குள் முழுப் பணமும் வந்துவிடும், திருப்பி அனுப்பும் செலவு எங்களுடையது.” தள்ளுபடி அறிவிப்பை இதில் சேர்க்கவே கூடாது, மன்னிப்பு விளம்பரமாகிவிடும். எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஒரு நிமிடத்தைத் தாண்டினால், பெரும்பாலும் காரணப் பகுதிதான் வீங்கியிருக்கும், அங்கே வெட்டுங்கள்.