பழைய நோட்டுகளைப் படிப்பது – 7: இரண்டு பூசம், ஒரு புதன்கிழமை

குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் வாழ்ந்த குடும்பத்தின் கணக்கு நோட்டு அது. அரிசிக்கடை பாக்கிக்கும் கோயில் வரிக்கும் நடுவே ஒரே ஒரு வரியில் ஒரு குழந்தையின் பிறப்பு எழுதியிருந்தது. பேரன் அதைப் படியெடுத்து அனுப்பியிருந்தார்: "தாரண வருடம், ஆவணி மாதம், புதன்கிழமை, பூச நட்சத்திரம்." பாட்டியின் அடையாள அட்டையில் 1944 செப்டம்பர் 13 என்று இருக்கிறது. குடும்ப மரம் எழுதும் பேரனுக்கு, அது சரிதானா என்று தெரிய வேண்டும்.

வருடத்திலிருந்து தொடங்கினேன். அறுபது வருடச் சுற்றில் பிரபவ முதலாவது, தாரண பதினெட்டாவது. 1927 ஏப்ரலில் பிரபவ பிறந்தது. அதோடு 17 கூட்டினால் 1944. அந்த ஏப்ரல் முதல் 1945 ஏப்ரல் வரை தாரண. இதற்கு முந்தைய தாரண 1884இல், அடுத்தது 2004இல் வந்ததால் இங்கே குழப்பமில்லை. ஆனால் தை, மாசி, பங்குனியில் பிறந்தவர்களுக்கு ஆங்கில ஆண்டு ஒன்று கூடிவிடும். தாரண தை என்றால் அது 1945. இதில் தவறியவர்கள் ஏராளம்.

அடுத்தது மாதம். ஆவணி என்பது சூரியன் சிம்மத்தில் நுழைவதிலிருந்து கன்னியில் நுழையும் வரை உள்ள காலம். அந்த ஆண்டு ஆவணி முதல் தேதி ஆகஸ்ட் 16, புதன்கிழமை. கடைசித் தேதி செப்டம்பர் 15. ஆக 31 நாள்.

சிக்கல் இந்த 31 நாளில்தான் இருக்கிறது. சந்திரன் இருபத்தேழு நட்சத்திரங்களையும் சுற்றிவர சுமார் 27 நாள் 8 மணி நேரமே ஆகும். எனவே மாதத்தின் முதல் நான்கைந்து நாளில் வந்த நட்சத்திரம் கடைசியில் திரும்ப வந்தே தீரும். தாரண ஆவணியில் பூசம் இருமுறை வந்தது. குறிப்பில் கிழமை மட்டும் இல்லாவிட்டால் இரண்டில் எது என்று சொல்லவே முடியாது. கிழமை இருந்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். 27 நாள் என்பது நான்கு வாரத்துக்கு ஒரு நாள் குறைவு. எனவே முதல் பூசம் வியாழன் பகலில் இருந்தால் இரண்டாவது பூசம் புதன் பகலில் இருக்கும்.

அப்படித்தான் இருந்தது. செப்டம்பர் 13, புதன், பகல் முழுக்கப் பூசம். அடையாள அட்டைக்கு யாரோ மாற்றிக் கொடுத்தபோது இந்த வழியில்தான் போயிருப்பார். நானும் அங்கேயே நின்றிருப்பேன். ஆனால் படியெடுத்ததை மட்டும் நம்புவதில்லை என்று வைத்திருக்கிறேன். பக்கத்தின் படத்தைக் கேட்டேன்.

படத்தில் இருந்தது பேரன் எழுதியதைவிட நீளம். வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴ என்ற பழைய குறிகள். அவற்றை அவர் ஊகித்துவிட்டார். வரியின் கடைசியில் "உதயாதி நா. ௫௫" என்று இருந்தது. "அது ஏதோ ருரு என்று தெரிந்தது, புரியாததால் விட்டுவிட்டேன்" என்றார். ௫ என்பது தமிழ் எண்ணில் ஐந்து. 'ரு' போலவே இருக்கும். உதயாதி என்றால் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவது. நாழிகைக்கு 24 நிமிடம். 55 நாழிகை என்றால் 22 மணி நேரம்.

தமிழ் வழக்கில் கிழமை நள்ளிரவில் மாறாது. சூரிய உதயத்தில்தான் மாறும். புதன் உதயத்திலிருந்து 22 மணி நேரம் கழித்து என்றால், வியாழன் விடியலுக்கு இரண்டு மணி நேரம் முன்னால். சுவர்க் கடிகாரத்தில் அது வியாழக்கிழமை. நோட்டில் அது இன்னும் புதன்கிழமை. இரண்டும் சரி. ஆங்கிலத் தேதிக்கு மாற்றும்போது மட்டும் ஒரு நாள் கூட்ட வேண்டும்.

கடிகாரத்தைப் பற்றி இங்கே நின்று சொல்லியாக வேண்டும், மலாயாவில் 1942 முதல் 1945 வரை பிறந்தவர்களுக்கு இது முக்கியம். ஜப்பானியர் வந்ததும் இங்கே தோக்கியோ நேரத்தைக் கொண்டுவந்தார்கள். போருக்கு முன் இருந்ததைவிட ஒன்றரை மணி நேரம் முன்னே. இன்றைய மலேசிய நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னே. குளுவாங்கில் இப்போது ஆகஸ்டில் சூரியன் ஏழு மணிக்குச் சற்றுப் பின் உதிக்கிறது. 1944இல் அதே உதயம் கடிகாரத்தில் எட்டைத் தாண்டி இருந்திருக்கும். குழந்தை பிறந்தது அப்படியானால் காலை ஆறு மணி வாக்கில், நல்ல இருட்டில். காலை ஆறு மணி என்று வாய்வழியாகச் சொல்லியிருந்தால் பலர் விடியும் வேளை என்றே நினைத்திருக்கக்கூடும். நாழிகை கணக்கு கடிகாரத்தைச் சாராததால் அந்தத் தவறுக்கு இடம் கொடுக்கவில்லை. இன்று செயலியில் ஜாதகம் கணிப்பவர்களும் அந்த ஆண்டுகளுக்கு நேர வலயம் +9 என்று கொடுக்க வேண்டும். +8 என்று விட்டால் லக்னம் பிசகலாம்.

இப்போது இரண்டு பூசத்தையும் மறுபடி பார்த்தேன், இரண்டையும் அன்றைய தோக்கியோ நேரத்திலேயே கணக்கிட்டு. முதலாவது ஆகஸ்ட் 16 புதன் மாலை ஏழேகால் வாக்கில் தொடங்கி வியாழன் இரவு ஒன்பதரை வரை. இரண்டாவது செப்டம்பர் 13 அதிகாலை ஒரு மணியிலிருந்து மறுநாள் அதிகாலை சுமார் மூன்று வரை. செப்டம்பரில் 55 நாழிகை ஆகும் ஆறு மணிக்கு ஆயில்யம் தொடங்கி மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். ஆகஸ்டில் அதே நேரம் பூசத்தின் நட்ட நடுவில் விழுகிறது. எனவே பாட்டி பிறந்தது ஆவணி முதல் தேதி இரவு. ஆங்கிலக் கணக்கில் 1944 ஆகஸ்ட் 17, வியாழன் விடியுமுன்.

மூன்று மணி நேர இடைவெளியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் கணக்கிட்டது திருக்கணித முறையில். அந்த வீட்டில் வாக்கியப் பஞ்சாங்கம் பார்த்திருந்தால் நட்சத்திரம் முடியும் நேரம் சில மணி நேரம் தள்ளிப்போகக்கூடும். வேறொரு சாட்சி வேண்டும் என்று பேரனிடம், பிறந்ததைப் பற்றிப் பாட்டியின் அம்மா ஏதாவது சொல்வதுண்டா என்று கேட்டேன். பாட்டியிடமே கேட்டுச் சொன்னார்: "நான் பொறந்த மறுநாளு அமாவாசைன்னு அம்மா சொல்லும். வீட்ல படையல் போட முடியலைன்னு அப்பாவுக்கு வருத்தமாம்." 1944 ஆகஸ்ட் 18, வெள்ளிக்கிழமை, அமாவாசை. செப்டம்பரிலோ அமாவாசை 17ஆம் தேதி ஞாயிறு. குழந்தை பிறந்து மூன்று நாள் கழித்து. கதை முடிந்தது.

கல்வெட்டு அறிஞர்கள் செய்வதும் இதே வேலைதான். சோழர் கல்வெட்டில் அரசன் ஆண்டு, சூரிய மாதம், கிழமை, நட்சத்திரம், திதி என்று இருக்கும். எல்லாம் ஒத்துப்போகும் ஒரே நாளைத் தேட வேண்டும். எல்.டி. சாமிக்கண்ணு பிள்ளை 1922இல் சென்னையில் வெளியிட்ட 'இந்தியன் எஃபெமெரிஸ்' அதற்காகவே கி.பி. 700 முதல் 1799 வரை நாள்வாரியாகக் கணக்கிட்டது. ஒரு அங்கம் மட்டும் ஒத்துவருவதில் அவர்கள் திருப்தி அடைவதில்லை. நம் வீட்டு நோட்டுக்கும் அதே கண்டிப்பு வேண்டும்.

பாட்டியின் அட்டையை மாற்றப் போவதில்லை என்று குடும்பம் முடிவு செய்துவிட்டது; எண்பது வருடப் பத்திரங்கள் எல்லாம் அந்தத் தேதியில் இருக்கின்றன. குடும்ப மரத்தில் மட்டும் ஆகஸ்ட் 17 என்று எழுதி, நோட்டுப் பக்கத்தின் படத்தையும் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு நோட்டு இருந்தால், புரியாத எழுத்தைப் படியெடுக்கும்போது விட்டுவிடாதீர்கள். முழுப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள், சேர்ந்து படிப்போம்.