ஊற்றுக்கு வரியா, லிட்டருக்கு வரியா?

போட்டியே இல்லாத ஒரு வியாபாரி மீது அரசு வரி போடுகிறது என்ற செய்தி வந்தாலே, "எப்படியும் நம் தலையில்தான் கட்டுவார்கள்" என்கிறோம். அது எல்லா வரிக்கும் பொருந்தாது. வரியை எந்த வடிவத்தில் போடுகிறார்கள் என்பதுதான் விலை ஏறுமா, ஏறாதா என்பதைத் தீர்மானிக்கிறது.

இதைக் கணிதத்தால் முதலில் நிறுவியவர்களில் முக்கியமானவர் பிரெஞ்சு அறிஞர் அந்துவான் அகுஸ்தென் கூர்னோ. 1838-ல் வந்த தன் நூலில் அவர் ஒரு கனிம நீரூற்றை எடுத்துக்கொண்டார். அதன் தண்ணீருக்கு வேறெங்கும் இல்லாத மருத்துவக் குணம் உண்டு. ஊற்று ஒரே ஆளுக்குச் சொந்தம். தண்ணீர் தானாக ஊறுவதால் செலவும் கிடையாது. அவர் தண்ணீருக்கு என்ன விலை வைப்பார்?

விளங்குவதற்காக நாமே சில எண்களை வைத்துப் பார்க்கலாம். லிட்டர் 4 பிராங்க் என்றால் நாளைக்கு 60 லிட்டர் விற்கும்; 5 என்றால் 50; 6 என்றால் 40; 7 என்றால் 30. விலையையும் அளவையும் பெருக்கினால் வரவு முறையே 240, 250, 240, 210 பிராங்க். ஊற்றுக்காரர் 5 பிராங்க் விலையில் நிற்பார். அதற்கு மேலே போனாலும் கீழே வந்தாலும் அவருக்கு நஷ்டம்.

இப்போது அரசு, எவ்வளவு விற்றாலும் சரி, நாளைக்கு 80 பிராங்க் கட்டு என்கிறது. ஒவ்வொரு விலையிலும் அவர் கையில் மிஞ்சுவதில் அதே 80 குறைகிறது: 160, 170, 160, 130. இப்போதும் 5 பிராங்க் விலையில்தான் அதிகம் மிஞ்சுகிறது. வரியைச் சாக்காக வைத்து விலையை 6 ஆக்கினால் இன்னும் 10 பிராங்க் இழப்பார். விலையை ஏற்றி லாபம் பார்க்க முடியுமென்றால், வரி வருவதற்கு முந்தின நாளே அவர் ஏற்றியிருப்பாரே! கறக்க முடிந்ததை ஏற்கெனவே கறந்துவிட்டார். அதனால் இந்த வரி முழுவதும் அவர் லாபத்திலிருந்தே போகிறது. வாங்குபவருக்கு அதே 5 பிராங்க், அதே 50 லிட்டர்.

அடுத்து, விற்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் 2 பிராங்க் என்று வரி போடுவோம். 4 பிராங்க் விலையில் 60 லிட்டருக்கு வரி 120; மிச்சம் 120. 5-ல் வரி 100, மிச்சம் 150. 6-ல் வரி 80, மிச்சம் 160. 7-ல் வரி 60, மிச்சம் 150. ஊற்றுக்காரர் விலையை 6 ஆக்குகிறார். விற்பனை 40 லிட்டராகக் குறைகிறது.

இந்த மாற்றம் எங்கிருந்து வந்தது? 40 லிட்டரிலிருந்து 50 லிட்டருக்குப் போக அவர் விலையை எல்லோருக்கும் ஒரு பிராங்க் குறைக்க வேண்டும். அதனால் அந்தப் பத்து லிட்டரும் சேர்ந்து அவர் வரவில் கூட்டுவது வெறும் 10 பிராங்க். வரி இல்லாதபோது அதுவும் லாபமே. லிட்டருக்கு வரி வந்தபின் அந்தப் பத்து லிட்டருக்கு மட்டும் 20 பிராங்க் கட்ட வேண்டும். விற்காமல் இருந்தால் அந்த 20 மிச்சம். மொத்த வரியில் அப்படி மிச்சம் பிடிக்க வழியே இல்லை.

அரசுக்கு இரண்டு முறையிலும் கிடைப்பது அதே 80 பிராங்க்தான். ஆனால் லிட்டர் வரியில் வாங்குபவர் ஒரு பிராங்க் கூடுதலாகக் கொடுக்கிறார், பத்து லிட்டர் தண்ணீர் யாருக்கும் கிடைக்காமல் போகிறது, ஊற்றுக்காரருக்கும் 10 பிராங்க் குறைகிறது. எல்லோரும் இழக்க, யாருக்கும் அதனால் ஆதாயமில்லை. லாபத்தில் இத்தனை சதவீதம் என்று வாங்கும் வரியும் விலையை அசைக்காது என்று கூர்னோ காட்டினார். மிகப் பெரிய லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்தாலும், மிஞ்சுவதில் அதுவே பெரியது.

இதற்கு எல்லைகள் உண்டு. மொத்த வரி 250-ஐத் தாண்டினால் அவர் ஊற்றை மூடிவிடுவார். செலவுக்கு ஏற்ப விலையை அரசே நிர்ணயிக்கும் தொழில்களில், மொத்த வரியும் செலவுக் கணக்கில் ஏறி விலையில் வந்து சேரலாம். புதிதாக ஊற்று தோண்ட நினைப்பவர், இந்த வரியைப் பார்த்தே பின்வாங்கலாம். ஏகபோகத்தால் முதலிலிருந்தே விலை கூடுதலாக இருப்பதையும் மொத்த வரி சரிசெய்யாது. லாபத்தின் ஒரு பகுதியை அரசுக்கு மாற்றுகிறது, அவ்வளவே.

பெயரில் மொத்த வரியாக இருந்து, சென்ற ஆண்டு விற்பனையைப் பார்த்து இந்த ஆண்டுத் தொகையை உயர்த்தினால், அது வேடம் போட்ட லிட்டர் வரிதான். கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: அவர் ஒரு லிட்டர் குறைவாக விற்றால் அவர் கட்டும் வரி குறையுமா? குறையும் என்றால், விலை ஏறும் என்று எதிர்பார்க்கலாம்.