ஒரு செயலிக்கு ஒரு வாசல்

அணுகல் கேட்வே என்பது நிறுவனத்தின் உள் செயலிக்கும் அதைத் திறக்க வருபவருக்கும் நடுவே நிற்கும் ஒரு சர்வர். வருபவர் யார், எந்தச் செயலிக்காக வருகிறார் என்ற இரண்டையும் பார்த்த பிறகே அது வழிவிடும். விபிஎன் செய்வது வேறு வேலை. வெளியில் இருக்கும் கணினியை அது அலுவலக நெட்வொர்க்குக்குள்ளேயே கொண்டுவந்து உட்காரவைத்துவிடுகிறது. கணக்குப் புத்தகத்தைப் பார்க்க வந்தவருக்கு பிரிண்டர், கேமரா பதிவுக் கருவி, முதலாளியின் கணினியில் பகிரப்பட்ட ஃபோல்டர் என்று எல்லாமே எட்டும் தூரத்தில் இருக்கும். விபிஎன்னிலும் ஆளுக்கு ஆள் எல்லை வகுக்க முடியும். ஆனால் அதற்கென்று நெட்வொர்க் தெரிந்த ஆள் வேண்டும். சிறு நிறுவனங்களில் அப்படியொருவர் பெரும்பாலும் இருப்பதில்லை.

ஒற்றை விபிஎன் கணக்கு எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனத்துக்கு நேர்ந்ததைச் சொல்லலாம். புழக்கத்தில் இல்லாத ஒரு பழைய விபிஎன் கணக்கு மூடப்படாமல் கிடந்தது. அதற்குப் பாஸ்வேர்டு மட்டும் போதும். இரண்டாவது சரிபார்ப்பு கிடையாது. அந்த வழியாகத் தாக்குதல்காரர்கள் நுழைந்ததால், நாட்டின் கிழக்குப் பகுதிக்கு எரிபொருள் கொண்டுபோகும் குழாய் பல நாட்கள் நிறுத்தப்பட்டது. இதற்கு நெடுநாள் முன்பே கூகுள் வேறு பாதையில் போயிருந்தது. 2010இல் வெளியில் தெரிந்த ஒரு பெரிய ஊடுருவலுக்குப் பிறகு, அலுவலகத்துக்குள் இருக்கிறவர் என்பதாலேயே ஒருவரை நம்புவதைக் கைவிட்டு, ஒவ்வொரு செயலியின் முன்னாலும் சரிபார்ப்பை வைத்தது. பியாண்ட்கார்ப் என்ற அந்த முறையைப் பற்றிய முதல் கட்டுரை 2014 டிசம்பரில் வந்தது. இன்று சிறு நிறுவனங்கள் வாங்கும் கேட்வே சேவைகள் அந்த யோசனையின் கிளைகள்தாம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். இயந்திர உதிரி பாகங்கள் விற்கும் 18 பேர் கொண்ட ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்ளலாம். அலுவலகத்தின் ஒரு மூலையில் இருக்கும் சர்வரில் இருப்பு, பில் இரண்டையும் பார்க்கும் வலைச் செயலி ஒன்று ஓடுகிறது. உள்ளே இருப்பவர்கள் பிரவுசரில் `http://192.168.1.20:8080` என்று அடித்து அதைத் திறக்கிறார்கள். ஊர் ஊராகச் சுற்றும் இரண்டு விற்பனையாளர்களுக்கும், ஆண்டில் இரண்டு மாதம் மட்டும் வேலை இருக்கும் வெளி ஆடிட்டருக்கும் அது வேண்டும். பிராட்பேண்ட் இணைப்பில் நிலையான பொது ஐபி முகவரி இல்லை. ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுத் தரும் இணைப்புகளில் வெளியிலிருந்து உள்ளே கதவைத் தட்டவே வழியில்லை. விபிஎன் சர்வர் வைக்க முனையும் பல சிறு நிறுவனங்கள் முதலில் முட்டிக்கொள்வது இந்தச் சுவரில்தான்.

கேட்வே சேவைகள் இந்தச் சிக்கலைத் தலைகீழாகத் திருப்பிப் போடுகின்றன. உள்ளேயிருந்து வெளியே தொடர்பு கொள்ள பெரும்பாலான ரௌட்டர்கள் தடை சொல்வதில்லை. அதனால் சர்வரிலேயே ஒரு சிறு மென்பொருளை நிறுவி, கேட்வேயை நோக்கி அதுவே இணைப்பைத் திறந்து வைத்திருக்கும்படி செய்கிறார்கள். இதன் பெயர் டன்னல். கிளவுட்ஃபிளேர் சேவையில் அந்த மென்பொருள் `cloudflared`. அது 7844 என்ற போர்ட் வழியாக நான்கு நீடித்த இணைப்புகளை ஏற்படுத்திக்கொள்கிறது. ரௌட்டரில் ஒரு போர்ட்டைக்கூடத் திறக்க வேண்டியதில்லை. நிறுவனத்தின் டொமைன் பெயர் கிளவுட்ஃபிளேரின் நிர்வாகத்தில் இருக்க வேண்டும். செலவு என்றால், 50 பேர் வரைக்கும் இலவசத் திட்டம் உண்டு. டன்னலுக்கான அமைப்புக் கோப்பு இவ்வளவுதான்:

```
tunnel: <டன்னல் எண்>
credentials-file: /etc/cloudflared/cred.json
ingress:
  - hostname: kanakku.example.in
    service: http://localhost:8080
  - service: http_status:404
```

மேலே உள்ள விதி, அந்தப் பெயரில் வரும் கோரிக்கையை 8080 போர்ட்டுக்கு அனுப்புகிறது. கடைசி விதி மற்ற எல்லாவற்றையும் திருப்பி அனுப்புகிறது.

பலரும் இந்த இடத்தில் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். டன்னல் என்பது பாதை மட்டுமே, பூட்டு அல்ல. மேலே உள்ளதோடு நிறுத்தினால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் `kanakku.example.in` என்று அடித்து நிறுவனத்தின் பில் பக்கம் வரை வந்துவிடலாம். பூட்டைத் தனியாகப் போட வேண்டும். அதே பெயருக்கு அணுகல் கொள்கை ஒன்றை எழுதினால், அதன் பிறகு வருகிறவரைக் கேட்வே முதலில் உள்நுழைவுப் பக்கத்துக்கு அனுப்பும். அவர் நிறுவனத்தின் கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைய வேண்டும். இல்லையென்றால் மின்னஞ்சலில் வரும் ஓடிபியைக் கொடுக்க வேண்டும். சரிபார்ப்பு முடிந்ததும் கையெழுத்திட்ட ஒரு டோக்கன் அவருடைய பிரவுசரில் குக்கியாகப் பதிகிறது. ஒவ்வொரு கோரிக்கையிலும் அதைப் பார்த்த பிறகே கேட்வே டன்னலுக்குள் விடுகிறது.

பூட்டு விழுந்திருக்கிறதா என்று பார்க்க, அலுவலக வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறி ஒரு கட்டளை கொடுத்தால் போதும்:

```
curl -I https://kanakku.example.in
```

பதிலில் `302` என்ற எண்ணும், `cloudflareaccess.com` என்ற பெயர் அடங்கிய முகவரியும் வந்தால் கேட்வே வழிமறிக்கிறது என்று பொருள். `200` வந்தால் செயலி வெட்டவெளியில் நிற்கிறது. இந்தச் சோதனையை டன்னலில் இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். யாரோ ஒருநாள் சோதனைக்காக `kanakku-test` என்ற இன்னொரு பெயரை அதே செயலிக்குச் சேர்த்து, அதற்குக் கொள்கை எழுத மறந்திருந்தால், முன்வாசலில் பூட்டும் கொல்லைப்புறத்தில் திறந்த கதவுமாக நிலைமை ஆகிவிடும்.

கொள்கை எழுதுவதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. விதிகளை `Include`, `Require` என்ற தலைப்புகளின் கீழ் சேர்க்க வேண்டும். `Include` வரிசையில் உள்ளவற்றில் ஏதாவது ஒன்று பொருந்தினாலே போதும். `Require` வரிசையில் உள்ள ஒவ்வொன்றும் பொருந்தியாக வேண்டும். உதாரண நிறுவனத்தில் யாரோ நல்லெண்ணத்தோடு, நிறுவன மின்னஞ்சல் வைத்திருப்பவர்கள் என்ற விதியையும், இந்தியாவிலிருந்து வருபவர்கள் என்ற விதியையும் இரண்டையுமே `Include`-இல் போட்டுவிடுகிறார் என்று கொள்வோம். அவர் நினைத்தது, இந்தியாவில் இருக்கும் நம் ஊழியர்கள். கேட்வே புரிந்துகொள்வது, நம் ஊழியர்கள் எல்லோரும், கூடவே இந்தியாவில் இருக்கும் எவரும். ஓடிபி முறையும் சேர்ந்திருந்தால், ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்திருக்கும் யாரும் உள்ளே வரலாம். நாடு என்ற விதியை `Require`-க்கு மாற்றினால் சரியாகிவிடும். ஊழியர்களிடம் கேட்டால் இந்தத் தவறு பிடிபடாது, அவர்களுக்கு எல்லாம் ஒழுங்காகவே திறக்கும். சம்பந்தமே இல்லாத ஒரு மின்னஞ்சலால் நுழைய முயன்று, தடுக்கப்படுகிறதா என்று பார்ப்பதுதான் சரியான சோதனை.

ஆடிட்டருக்கு அவருடைய மின்னஞ்சலை மட்டும் குறிப்பிட்டுத் தனிக் கொள்கை எழுதினால் போதும். அவருக்கு இந்தச் செயலி தவிர வேறெதுவும் கண்ணில் படாது. வேலை முடிந்த அன்று அந்தக் கொள்கையை எடுத்துவிடலாம். ஊழியர் ஒருவர் விலகும்போது இன்னொரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அவருடைய கூகுள் கணக்கை முடக்கினாலும், பிரவுசரில் ஏற்கெனவே இருக்கும் டோக்கன் காலாவதியாகும் வரை செல்லும். அதன் ஆயுள் மாற்றி அமைக்காத நிலையில் 24 மணி நேரம். மனக்கசப்போடு போகிறவர் விஷயத்தில் ஒரு நாள் என்பது சின்ன இடைவெளி இல்லை. நிர்வாகப் பக்கத்தில் அவருடைய அமர்வுகளை உடனே ரத்து செய்வதும் கணக்கை முடக்குவதும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும்.

அலுவலகத்துக்குள்ளிருந்து பார்த்தால் இன்னொரு கேள்வி வருகிறது. `192.168.1.20:8080` என்ற பழைய முகவரி இன்னும் வேலை செய்கிறது. வரவேற்பறை வைஃபையில் இணைந்த விருந்தாளி கேட்வேயைத் தொடாமலே செயலியின் வாசலுக்கு வந்துவிடலாம். `cloudflared` அதே சர்வரில் ஓடுவதால், செயலியை `127.0.0.1` என்ற முகவரியில் மட்டும் கேட்கும்படி மாற்றினால் இந்த வழி அடைபடும். அதற்கு ஒரு விலை உண்டு. அப்புறம் உள்ளே இருப்பவர்களும் இணையம் வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும். பிராட்பேண்ட் அறுந்தால், பத்தடி தூரத்தில் இருக்கும் சர்வரில் பில் போட முடியாது. கவுண்டரில் வாடிக்கையாளர் காத்திருக்கும் தொழில் என்றால் பழைய வழியை வைத்துக்கொண்டு விருந்தினர் வைஃபையைத் தனியாகப் பிரிப்பதே மேல்.

கேட்வே எல்லாவற்றுக்கும் பொருந்துவதில்லை. பிரவுசரில் திறக்கும் செயலிகளுக்கு அது கச்சிதம். டேலி போலக் கணினியில் நிறுவி ஓட்டும் மென்பொருளுக்கும் பகிரப்பட்ட ஃபோல்டர்களுக்கும் உள்நுழைவுப் பக்கம் என்பதே புரியாது. அவற்றுக்கு ஊழியரின் கணினியிலும் துணை மென்பொருள் நிறுவ வேண்டும். அந்த அளவுக்குப் போனால் விபிஎன்னே எளிது என்று ஆகிவிடலாம். தானாக ஓடும் ஸ்கிரிப்டுகளும் தடுமாறும். இரவில் விற்பனைத் தரவை எடுக்கும் ஸ்கிரிப்டுக்கு, எதிர்பார்த்த தரவுக்குப் பதில் உள்நுழைவுப் பக்கம் வந்து நிற்கும். மனிதரல்லாத இத்தகைய பயனருக்கென்று சேவை டோக்கன் என்ற தனி வகை இருக்கிறது. மனிதருக்கும் இதே சிக்கல் வேறு உருவத்தில் வருவதுண்டு. மாலையில் பக்கத்தைத் திறந்தபடியே விட்டுவிட்டு மறுநாள் பில்லைச் சேமிக்கும்போது, டோக்கன் காலாவதியாகியிருந்தால் சேமிக்கும் பொத்தான் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். செயலி கெட்டுவிட்டது என்று ஊழியர் நினைப்பார். பக்கத்தைப் புதிதாகத் திறந்தால் உள்நுழைவு கேட்கும், அதோடு சரியாகிவிடும்.

வெளிச் சேவையை நம்புவதில் இரண்டு விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. கிளவுட்ஃபிளேர் வழியாகப் போகும் போக்குவரத்தின் குறியாக்கம் அதன் சர்வரில் பிரிக்கப்பட்டே மறுபடி அனுப்பப்படுகிறது; அதாவது பில் விவரம் அங்கே வெளிப்படையாக இருக்கும் ஒரு கணம் உண்டு. அதை ஏற்க முடியாத நிறுவனம் ஓஆத்2 பிராக்ஸி போன்ற திறமூல மென்பொருளைத் தன் சொந்த சர்வரில் ஓட்டலாம். ஆனால் அப்போது பொது ஐபி முகவரியும், திறந்த போர்ட்டும், மாதாமாதம் புதுப்பிக்கும் வேலையும் திரும்பி வந்துவிடும். இரண்டாவது, சேவை நின்றால் வாசலும் நின்றுவிடும். 2025 நவம்பர் 18 அன்று கிளவுட்ஃபிளேர் பல மணி நேரம் தடுமாறியபோது அதன் அணுகல் சேவையில் புதிதாக உள்நுழைய முயன்றவர்களும் மாட்டிக்கொண்டார்கள். அப்படிப்பட்ட நாளில் சர்வரை நேரடியாகத் திறக்கத் தெரிந்த ஒருவர் அலுவலகத்தில் இருக்க வேண்டும். அதற்கான பாஸ்வேர்டு அந்தக் கேட்வேக்குப் பின்னால் இருக்கும் செயலியிலேயே பதிவாகியிருக்கக் கூடாது.