பிடியை விடத் தெரிந்த ஹீமோகுளோபின்

நுரையீரலில் 100 மில்லிமீட்டர் பாதரசமாக இருக்கும் ஆக்சிஜன் அழுத்தம், நாம் வேகமாக மாடியேறும்போது தொடைத் தசையில் 20 வரை இறங்கலாம். அந்த 20-இல் ரத்தத்தின் ஹீமோகுளோபின் தன் சுமையில் பாதிக்கு மேல் இறக்கிவிட்டிருக்கும். தசைக்குள் இருக்கும் மயோகுளோபினோ பத்தில் ஒன்பது பங்கை இன்னும் விடாது. அது கடைசி நேரச் சேமிப்பு.

மயோகுளோபினுக்கு ஒரே இருக்கை, ஹீமோகுளோபினுக்கு நான்கு. முதல் ஆக்சிஜன் ஏறுவதுதான் கஷ்டம். அது அமர்ந்ததும் இரும்பணு லேசாக நகர்ந்து புரதச் சங்கிலியையும் இழுக்கிறது. மற்ற இருக்கைகள் இளகிக்கொடுக்கின்றன. ஒன்று இறங்கினாலோ மற்றவற்றின் பிடியும் தளரும்.

உழைக்கும் தசை வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடும் அமிலமும் புரோட்டான்களைப் பெருக்குகின்றன. அவை ஒட்டினால் பிடி மேலும் தளரும். கார்பன் டை ஆக்சைடின் இந்த வேலையை 1904-இல் காட்டியவர் கிறிஸ்டியன் போர், அணு விஞ்ஞானி நீல்ஸ் போரின் அப்பா.

இன்னொரு கையாள், சிவப்பணுவிலேயே உருவாகும் பிஸ்பாஸ்போகிளிசரேட். ஆக்சிஜனை இறக்கிய ஹீமோகுளோபினின் நடுக்குழியில் ஆப்புபோலச் செருகி, மீண்டும் இறுகாமல் தடுக்கும். ரத்த வங்கிப் பையில் இரண்டு வாரத்தில் இது பெரும்பாலும் தீர்ந்துவிடும். அந்த ரத்தம் உடலில் ஏறியதும் ஆக்சிஜனைக் கஞ்சத்தனமாகவே விடும். இரண்டு மூன்று நாளில் சிவப்பணுக்கள் ஆப்பை மறுபடி செய்துகொள்ளும்.