புள்ளி ஒன்று, பத்து மடங்கு

கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸில் தங்கியிருக்கும் ஒரு பெண், தினமும் காலையில் சென்ட்ரல் நிலையத்தில் கொமுட்டர் ஏறி, கிள்ளானில் இறங்கி, ஒரு மருத்துவமனை மருந்தகத்துக்கு வேலைக்குப் போகிறாள். மருந்தியல் பட்டம் வாங்கிவிட்டாள். மலேசியச் சட்டப்படி முழுப் பதிவு கிடைக்க, மூத்த மருந்தாளர்களின் கண்காணிப்பில் பயிற்சிக் காலத்தை முடிக்க வேண்டும். மருத்துவமனைகளில் இவர்களை ‘பி.ஆர்.பி.’ என்று அழைப்பார்கள். இந்தப் பெண்ணும் அவள் கதையும் கற்பனை. அவள் கையில் இருக்கும் கணக்கு மட்டும் உலகெங்கும் மருந்தகங்களில் நடப்பதுதான்.

அன்று அவளிடம் வந்தது ஒரு தயாரிப்புத் தாள். பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு பல நாள் மார்ஃபின் சொட்டு மருந்தில் இருந்த பச்சைக் குழந்தைக்கு அதைச் சட்டென்று நிறுத்த முடியாது. வாய்வழியாகக் கொடுத்து, அளவைப் படிப்படியாகக் குறைத்துத்தான் விடுவிக்க வேண்டும். குழந்தையின் எடை 3 கிலோ. டாக்டர் எழுதியது கிலோவுக்கு 0.05 மில்லிகிராம், அதாவது ஒரு வேளைக்கு 0.15 மில்லிகிராம், நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை.

மருந்தகத்தில் இருக்கும் மார்ஃபின் கரைசல் பெரியவர்களுக்கானது. 5 மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம், அதாவது ஒரு மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம். அதிலிருந்து 0.15 மில்லிகிராம் எடுக்க வேண்டுமானால் 0.075 மில்லிலிட்டர் வேண்டும். வாய்வழி சிரிஞ்சில் அவ்வளவு சிறிய அளவை நம்பி எடுக்க முடியாது. நுனியில் தங்கும் ஒரு துளியே கணக்கைக் குலைத்துவிடும். அதனால் சிரப் சேர்த்து நீர்க்கச் செய்து, மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிகிராம் இருக்கும்படி 50 மில்லிலிட்டர் தயாரிப்பது என்று முடிவாகியிருந்தது. அப்படிச் செய்தால் ஒரு வேளைக்கு 1.5 மில்லிலிட்டர். அதை யாராலும் எளிதாக அளக்க முடியும்.

தாளை எழுதியவர் தேவையான செறிவை ‘.1’ என்று குறித்திருந்தார். அடுத்த வரிக்குப் போகும்போது அந்தப் புள்ளி தாளின் கோட்டோடு சேர்ந்து மறைந்துவிட்டது. 1 பெருக்கல் 50, மொத்தம் 50 மில்லிகிராம். அதை 2-ஆல் வகுத்தால் 25 மில்லிலிட்டர் மூலக் கரைசல். மீதி 25 மில்லிலிட்டர் சிரப். பெருக்கல் சரி, வகுத்தல் சரி, கூட்டினால் 50 மில்லிலிட்டரும் சரியாக வருகிறது. முதல் வரியில் தொலைந்த ஒரு புள்ளியைத் தவிர, தாளில் தப்பு என்று சுட்டிக்காட்ட எதுவுமே இல்லை.

பயிற்சிப் பெண் அந்த வரிகளைத் திரும்பப் போட்டுப் பார்க்கவில்லை. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மருந்துச் சீட்டை எடுத்துக் குழந்தையிலிருந்து தொடங்கினாள். ஒரு வேளைக்கு 0.15, ஒரு நாளைக்கு ஆறு வேளை, ஐந்து நாள். முப்பது வேளைக்கு 4.5 மில்லிகிராம். பிறகு தாளைத் திருப்பினாள்.

“அக்கா, இந்தப் பிள்ளைக்கு அஞ்சு நாளைக்கும் சேர்த்து நாலரை மில்லிகிராம்தானே வேணும்? இதுல அம்பது போட்டிருக்கே.”

மூத்த மருந்தாளர் தாளை வாங்கிப் பார்த்தார். “இரு, எதையும் ஊத்தாதே. நீ ஒரு பேப்பர்ல போடு, நான் ஒரு பேப்பர்ல போடறேன். முதல்லேருந்து.”

இரண்டு பேருக்கும் 2.5 மில்லிலிட்டர் என்றே வந்தது. தாளில் இருந்தது 25.

அந்தத் தாளின்படி கலந்திருந்தால் ஒரு மில்லிலிட்டரில் 1 மில்லிகிராம் இருந்திருக்கும். லேபிளில் 0.1 என்றே இருந்திருக்கும். வார்டில் செவிலியர் லேபிளைப் பார்த்து, அளவைப் பார்த்து, சரியாக 1.5 மில்லிலிட்டர் எடுத்துக் கொடுத்திருப்பார். 0.15-க்குப் பதில் 1.5 மில்லிகிராம் போயிருக்கும். மார்ஃபின் மிகையானால் குழந்தை பால் குடிக்கக்கூட விழிக்காது, கண்மணி ஊசிமுனைபோல் சுருங்கும், மூச்சு மெதுவாகிக்கொண்டே போய் நின்றும்விடலாம். நாலோக்சோன் என்ற முறிவு மருந்து இருக்கிறது. ஆனால் தூங்குகிறது என்று நினைத்து விட்டுவிட்டால் அதற்கு நேரம் இருக்காது.

இத்தகைய பிழை குழந்தைகளிடம்தான் அதிகம் ஆபத்தாகிறது. பெரியவருக்குப் பத்து மடங்கு கொடுக்க வேண்டுமானால் பத்து மாத்திரை, பத்து குப்பி எடுக்க வேண்டும். எடுக்கிற கையே தயங்கி நிற்கும். பச்சைக் குழந்தையின் பத்து மடங்கோ, பெரியவருக்கான குப்பியிலேயே அடங்கிவிடும். மேலே சொன்ன கணக்கில் சரியான குப்பியும் தவறான குப்பியும் ஒரே 50 மில்லிலிட்டர்தான். கண் எதையும் காட்டிக்கொடுக்காது.

சரிபார்க்க ஆட்கள் இருந்தும் இந்தப் பிழை எப்படித் தப்பிப் போகும் என்பதற்கு, அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் 1996-இல் நடந்தது பெரிய பாடம். இதயத்தில் ஓட்டையோடு பிறந்த இரண்டு மாதக் குழந்தைக்கு டிஜாக்சின் 0.09 மில்லிகிராம் கொடுக்க முடிவானது. பயிற்சி மருத்துவர் ஆணையில் 0.9 என்று எழுதிவிட்டார். மருந்தாளருக்கு அளவு அதிகமாகப் பட்டது. ஆணையை ஒதுக்கி வைத்துவிட்டு மருத்துவரை அழைத்தார். அவரோ வேலை முடிந்து போய்விட்டிருந்தார். இதற்குள் அதே ஆணையின் இன்னொரு பிரதி மருந்தகத்துக்கு வந்தது. உதவியாளர் அதன்படி மருந்தை நிரப்பி வைத்தார். மருந்தாளர் நிரப்பியதையும் ஆணையையும் ஒப்பிட்டார். இரண்டிலும் 0.9. பொருந்தியது, அனுப்பிவிட்டார்.

வார்டில் செவிலியருக்கும் சந்தேகம் வந்தது. பணியில் இருந்த வேறொரு மருத்துவரிடம் கேட்டார். அவர் கால்குலேட்டரில் புதிதாகக் கணக்குப் போட்டார். விடை சரியாகவே 0.09 என்று வந்தது. அதைக் குப்பியோடு ஒப்பிட்டபோது அங்கேயும் பூஜ்யம், ஒன்பது, இங்கேயும் பூஜ்யம், ஒன்பது. புள்ளி இடம் மாறியிருந்தது அவர் கண்ணில் படவில்லை. மருந்து கொடுக்கப்பட்டது. குழந்தை இறந்துபோனது.

அங்கே யாரும் அலட்சியமாக இல்லை. மூன்று பேர் நின்று பார்த்திருக்கிறார்கள். ஆனால் மருந்தாளரின் கடைசிச் சரிபார்ப்பு, ஆணையைக் குப்பியோடு பொருத்திப் பார்ப்பதாக இருந்தது. ஆணையே தவறாக இருக்கும்போது, அதோடு பொருந்துகிற எல்லாமே தவறு. மருத்துவரோ கணக்கைச் சரியாகப் போட்டும், விடையை எண்களாகப் பார்த்தாரே தவிர அளவாகப் பார்க்கவில்லை. பத்து மடங்குப் பிழையின் குணமே இதுதான். எண்கள் ஒன்றும் மாறாது, இடம்தான் மாறும். எண்களைத் தேடும் கண்ணுக்கு அது சரியாகவே தெரியும்.

கிள்ளான் பெண் செய்தது இதற்கு நேர் எதிர். தாளில் உள்ள விடையை மறைத்துவிட்டு, வேறு முனையிலிருந்து வேறு கேள்வி கேட்டாள்: இந்தக் குழந்தைக்கு மொத்தம் எவ்வளவு வேண்டும்? அப்படிக் கேட்டால் 4.5-உம் 50-உம் எதிரெதிரே நிற்கும். அங்கே புள்ளியைத் தேட வேண்டியதில்லை. இரண்டாவது ஆள் முதல் ஆளின் விடையைப் பார்க்காமல் கணக்குப் போட வேண்டும் என்று வலியுறுத்துவதற்கும் காரணம் இதுதான். விடை தெரிந்துவிட்டால் மனம் அதை நோக்கியே கணக்கை நடத்திக்கொண்டு போகும்.

ஆனால் குழந்தையின் முனையிலிருந்து போடும் கணக்குக்கும் எல்லை உண்டு. இங்கிலாந்தில் ரன்கோர்ன் என்ற ஊரில் 1998-இல், வயிற்று வலியில் அழுத பச்சைக் குழந்தைக்காகப் புதினா நீர் தயாரித்துத் தரச் சொல்லிச் சீட்டு வந்தது. தயாரித்தவர் பயிற்சியில் இருந்தவர். அதில் சேர வேண்டியது இரட்டைச் செறிவுக் குளோரோஃபார்ம் நீர், சாதாரணத்தைப்போல் 2 மடங்கு. சேர்ந்தது அடர் குளோரோஃபார்ம் நீர், 40 மடங்கு. இருபது மடங்கு மிகையான குளோரோஃபார்ம். குழந்தை பிழைக்கவில்லை. பயிற்சியில் இருந்தவர், மேற்பார்வை செய்த மருந்தாளர் இருவர் மீதும் வழக்கு நடந்து, 2000-இல் அபராதத்தில் முடிந்தது.

இங்கே எத்தனை மில்லிலிட்டர் என்ற கணக்கை எத்தனை தடவை போட்டிருந்தாலும் பிழை அகப்பட்டிருக்காது. அளவு சரி, ஊற்றிய பாட்டில்தான் வேறு. அதனால் நீர்க்கச் செய்யும் வேலையில் இரண்டாவது சரிபார்ப்பு மூலப் பாட்டிலிலிருந்து தொடங்க வேண்டும். லேபிளில் உள்ள செறிவை வாய்விட்டுப் படித்து, எத்தனை மடங்கு நீர்க்கிறது என்று கேட்க வேண்டும். கிள்ளான் கணக்கில் 2-லிருந்து 0.1-க்கு வர வேண்டும், அது இருபது மடங்கு. தாளிலோ 25-க்கு 25, வெறும் இரண்டு மடங்கு. இந்த வழியில் போயிருந்தாலும் அவள் பிழையைப் பிடித்திருப்பாள். இரண்டு முனையும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தால்தான் குப்பியைத் திறக்கலாம்.

எழுதும் முறையிலேயே பாதிப் பிழையைத் தடுத்துவிடலாம். புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் இல்லாமல் எழுதக்கூடாது, ‘.1’ அல்ல, ‘0.1’. முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் பூஜ்யமும் போடக்கூடாது, ‘1.0’ என்பது 10 ஆகிவிடும். மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் அமெரிக்கக் கூட்டு ஆணையம், 2004-இல் வெளியிட்ட தடைப் பட்டியலில் இந்த இரண்டையும் சேர்த்தது. 0.1 மில்லிகிராம் என்பதற்குப் பதில் 100 மைக்ரோகிராம் என்று எழுதினால் புள்ளியே இல்லாமல் போகும். ஆனால் அங்கே ‘மைக்ரோ’வைச் சுருக்கி எழுதி யாராவது ‘மில்லி’ என்று படித்தால், பிழை ஆயிரம் மடங்காகும். அதனால் அந்தச் சொல்லை முழுதாக எழுத வேண்டும்.

கடைசிச் சரிபார்ப்பு பெற்றோர் கையில் இருக்கிறது. பெரிய மருத்துவமனையில் தயாரித்த குழந்தை மருந்து தீர்ந்து, வீட்டுக்கு அருகில் வேறொரு மருந்தகத்தில் வாங்கும்போது, அவர்கள் வேறு செறிவில் தயாரித்திருக்கக்கூடும். ‘1.5 மில்லி’ என்று மட்டும் மனப்பாடம் செய்திருக்கும் தாய்க்கு அது தெரிய வழியில்லை. அதனால் மில்லிலிட்டரோடு மில்லிகிராமையும் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பழைய பாட்டிலைத் தூக்கிப் போடாமல் எடுத்துப் போங்கள். இரண்டு லேபிளிலும் செறிவு ஒன்றுதானா என்று பாருங்கள். மாறியிருந்தால், “என் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 0.15 மில்லிகிராம், இந்தப் பாட்டிலில் அது எத்தனை மில்லி?” என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு முகப்பில் இருப்பவர் மறுபடி கணக்குப் போட்டுத்தான் பதில் சொல்ல முடியும்.