பாதி ஏறிய கோப்பும் பேராசிரியருக்கு ஒரு கடிதமும்

சிவில் படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சர்வே அறிக்கையைப் படங்களோடு பி.டி.எஃப். ஆக்கி, கெடு முடிவதற்குள் கல்லூரித் தளத்தில் ஏற்றிவிட்டாள். மறுநாள் பேராசிரியரிடமிருந்து செய்தி: “பாதிக்கு மேல் பக்கங்கள் காலியாக இருக்கின்றன.” அவளுடைய மடிக்கணினியிலோ முழு அறிக்கையும் இருக்கிறது.

பேராசிரியர் சந்தேகப்படுவதில் நியாயம் உண்டு. வேலையை முடிக்காத சிலர் கெட்டுப்போன கோப்பை வேண்டுமென்றே ஏற்றிவிட்டு, அவர் கேட்கும்வரை கிடைக்கும் நாட்களில் எழுதி முடிப்பதை ஆசிரியர்கள் பார்த்திருக்கிறார்கள். அதனால் இவள் எழுதும் கடிதத்தில் மன்னிப்பைவிட, அவரே சோதித்துப் பார்க்கக்கூடிய ஒன்று இருக்க வேண்டும். அந்த ஆதாரம் பாதியாக ஏறிய கோப்புக்குள்ளேயே இருக்கிறது.

பெரிய கோப்புகளைப் பல தளங்கள் துண்டு துண்டாக வாங்கிக்கொள்கின்றன. நடுவில் இணைப்பு அறுந்தால், நன்றாக எழுதப்பட்ட தளம் மொத்தத்தையும் நிராகரித்துவிடும். சரியாக எழுதப்படாத தளமோ வந்தவரை சேமித்துக்கொண்டு ‘முடிந்தது’ என்று காட்டிவிடும். எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை பொதுவாகப் பி.டி.எஃப். கோப்பின் கடைசியில்தான் இருக்கும். அதற்கும் கீழே `%%EOF` என்ற குறி வரும். வால் அறுந்தால் இரண்டும் போய்விடும். சில செயலிகள் அப்படிப்பட்ட கோப்பைத் திறக்கவே மறுக்கும். சில, கிடைத்த பக்கங்களைக் காட்டிவிட்டு மீதியை வெறுமையாக விடும்.

மாணவி முதலில் செய்ய வேண்டியது, தளத்தில் இருக்கும் பிரதியைத் தனியாக இறக்கி இரண்டின் அளவையும் பார்ப்பது. விண்டோஸில் கோப்பின் மேல் வலது சொடுக்கு சொடுக்கி Properties திறந்தால் `Size` என்ற வரியில் பைட் கணக்கு இருக்கும். `Size on disk` வேறு, அது வேண்டாம். அவளுடைய கோப்பு 36,81,204 பைட், தளத்தில் இருப்பது 20,97,152 பைட் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது எண் சரியாக 2 × 1024 × 1024. இப்படி முழு மெகாபைட் எல்லையில் வெட்டுப்பட்டிருந்தால், துண்டுகளில் ஏதோ ஒன்றோடு வரவு நின்றுபோனது என்று பெரும்பாலும் ஊகிக்கலாம்.

இனி கடிதம்:

“மதிப்பிற்குரிய அம்மா,

பொருள்: சர்வே அறிக்கை முழுமையாக ஏறாதது.

மார்ச் 14 இரவு 10.42-க்கு நான் ஏற்றிய அறிக்கை தளத்தில் பாதியாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. என்னிடம் உள்ள கோப்பு 36,81,204 பைட். தளத்தில் உள்ளது 20,97,152 பைட். ஏற்றிய பிறகு என் கோப்பை நான் திறந்து சேமிக்கவில்லை. அதையே இத்துடன் இணைத்துள்ளேன். தளத்தில் உள்ள கோப்பு இதன் முதல் பகுதியோடு பைட்டுக்குப் பைட் பொருந்துகிறது. தாங்களும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இதையே என் சமர்ப்பிப்பாக ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.”

இந்த வேண்டுகோளின் பலமெல்லாம் ‘பைட்டுக்குப் பைட் பொருந்துகிறது’ என்ற இடத்தில்தான். இரண்டு கோப்புகளையும் ஒரே கோப்புறையில் வைத்து, கட்டளைச் சாளரத்தில் இப்படித் தட்டலாம்:

```
fc /b half.pdf full.pdf
```

வேறுபாட்டு வரி ஒன்றுகூட வராமல், full.pdf நீளமானது என்று (`longer than`) மட்டும் பதில் வந்தால், பாதிக் கோப்பு முழுக் கோப்பின் தொடக்கமேதான். கெடுவுக்குப் பிறகு அறிக்கையை எழுதி முடித்து மறுபடியும் பி.டி.எஃப். ஆக்கியிருந்தால், சுருக்கி அடைக்கப்பட்ட உள் தரவு மாறி, வேறுபாடுகள் வரிவரியாகக் கொட்டும். வேண்டுமென்றே சிதைத்த கோப்பும் பெரும்பாலும் இந்தச் சோதனையில் தங்காது. கோப்பின் கடைசித் திருத்த நேரம் இவ்வளவு நம்பகமானதல்ல, ஏனென்றால் அதை எவரும் மாற்றிவிடலாம்.

பதற்றத்தில் பலர் ஆதாரத்தைத் தாங்களே அழித்துவிடுவதுதான் வருத்தம். “சரியாக இருக்கிறதா பார்ப்போம்” என்று வேர்டில் திறந்து, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தி, புதிதாகப் பி.டி.எஃப். எடுத்து, பழையதன் மேலேயே சேமித்துவிடுவார்கள். அந்த நிமிடத்தோடு பொருத்தம் போய்விடும். செய்தி வந்தவுடன் மூலக் கோப்பை வேறிடத்தில் நகலெடுத்து வைத்துவிட்டு, பார்ப்பதையெல்லாம் நகலில் பார்க்க வேண்டும். பிழை கண்ணில் பட்டாலும் விட்டுவிட வேண்டும்.

இரண்டு அளவுகளும் ஒன்றாகவே இருந்தால் கதை வேறு. அப்போது தளம் வாங்கியதைக் குறைக்கவில்லை. மடிக்கணினியில் இருந்த கோப்பே குறைபட்டது. பி.டி.எஃப். உருவாகி முடிவதற்குள் ஏற்றியிருக்கலாம், வட்டில் இடம் தீர்ந்திருக்கலாம். அந்த நிலையில் தளத்தின் மேல் பழி போட்டுக் கடிதம் எழுதக் கூடாது. வேர்டு மூலக் கோப்பை இணைத்து, அது மேகச் சேமிப்பில் இருந்தால் கெடுவுக்கு முந்தைய பதிப்பின் நேரம் தெரியும்படி பதிப்பு வரலாற்றைக் காட்டி, பி.டி.எஃப். பாதியில் நின்றுவிட்டது என்று உள்ளதை எழுத வேண்டும்.